ஐம்பத்தாறு கண்ணிகள்

துவைத்துத் துவாலையில் பரப்பிக் காயவைத்த குல்லாயை மறுநாள் காலை கையில் எடுத்தபோது, குன்வருக்கு அது வேறு யாரோ பின்னியது போல இருந்தது. அளவு நாடாவை வைத்துப் பார்த்தாள். விளிம்புச் சுற்றளவு இருபத்தெட்டு செண்டிமீட்டர். இருபத்துநாலு இருக்க வேண்டும்.

நாடாவை எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். இருபத்தெட்டுதான்.

இதேபோன்ற பன்னிரண்டு குல்லாய்கள் நேற்று முன்தினம் கடலுக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தன. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கானவை. அந்தத் தலைகளுக்கு வார்டு கொடுத்த கணக்கு சுற்றளவு இருபத்தெட்டு. குல்லாய் தலையைவிடச் சிறியதாக இருந்தால்தான் இழுபட்டுப் பிடித்து நிற்கும். தலை அளவே இருந்தால் நழுவும். நழுவினால் எங்கே வரும் என்று குன்வருக்குத் தெரியும். நெற்றி, கண், மூக்கு.

அவள் முப்பத்தொரு வருடம் நார்வேக் கடற்கரையில் ஒரு மீன் ஆலையில் வேலை பார்த்தவள். பள்ளியில் ஆங்கிலம் சரியாக வரவில்லை. பின்னல் புத்தகங்களிலிருந்துதான் கற்றாள்: 'கே' என்றால் நேர்ப்பின்னல், 'பி' என்றால் மறுபின்னல், 'கே-டூ-டுகெதர்' என்றால் ஊசியில் நிற்கும் இரண்டு நூல் வளையத்தை, அதாவது கண்ணியை, ஒன்றாகச் சேர்ப்பது. ஒவ்வொரு ஆங்கிலச் சுருக்கெழுத்துக்கும் நார்வே மொழியில் போடும் சுருக்கெழுத்தைப் பக்கத்தில் எழுதி ஒரு பட்டியல் வைத்திருந்தாள். நூலகத்தில் புதிதாகப் பின்ன வருகிற பன்னிரண்டு பேருக்கு அவள்தான் மொழிபெயர்ப்பாளர். அதில் ஒரு பெருமை இருந்தது.

குல்லாய்க்கு எடுத்த ஆங்கிலப் பின்னல் மாதிரி பெரிய குழந்தைக்கானது. அதைச் சிறிதாக்கும் கணக்கை அவளே போட்டாள். மாதிரியில் பத்து செண்டிமீட்டருக்கு இருபது கண்ணி என்று இருந்தது. அதே கம்பளியில், அதே ஊசியில் அவள் ஒரு சதுரம் பின்னி அளந்தாள், இருபத்துநாலு வந்தது. 'ஆலைக்கை, இறுக்கிப் பிடிக்கிற கை' என்று சிரித்துக்கொண்டாள். இருபத்துநாலு செண்டிமீட்டருக்கு ஐம்பத்தேழரைக் கண்ணிக்குச் சற்று மேல். உச்சியைக் குறைக்க எட்டால் வகுபட வேண்டும், ஆகவே ஐம்பத்தாறு. மாணவர்களும் ஆளுக்கொரு சதுரம் பின்னி, இருபத்துநாலு வரும்வரை ஊசியை மாற்றினார்கள். விளிம்பு இரண்டு நேர், இரண்டு மறு. உச்சியில் ஏழேழு கண்ணியாக எட்டுப் பங்கு. ஒவ்வொரு பங்கிலும் ஐந்து பின்னி இரண்டைச் சேர். அவர்கள் பின்னிய பன்னிரண்டு குல்லாயும் சுத்தமாக வந்தன.

குன்வர் மாதிரித் தாளை எடுத்தாள். இருபது கண்ணி என்ற எண்ணுக்குப் பின்னால் பி-எல்-கே-டி என்று நாலே எழுத்தில் ஒரு சுருக்கெழுத்து இருந்தது. பட்டியலில் அதற்கு எதிரே அவள் ஒன்றும் எழுதவில்லை. லேஸ் பின்னலை நனைத்து, ஊசி குத்தி விரித்துக் காயவைக்கிற சமாச்சாரம், ஆரம்பக்காரர்களுக்கு எதற்கு என்று விட்டுவிட்டாள். நனைத்துக் காயவைத்த பிறகுதான் இருபது என்பது அதன் பொருள். இயந்திரத்தில் துவைக்கத் தோதாகச் செய்த கம்பளி தண்ணீர் பட்டால் தளர்ந்து விரியும். அவள் கை இறுகவில்லை. சதுரத்தை அவள் நனைக்கவில்லை, அவ்வளவுதான்.

வார்டுக்கு ஃபோன் போட்டாள். பார்வையாளர் நேரத்தைப் பதிவுக்குரல் சொன்னது. மறுபடி போட்டாள். அதே குரல். மூன்றாவது முறை விரல் எண்ணைத் தப்பாக அழுத்தியது.

பக்கத்து வீட்டு ஓஸ்ஹில்டிடம் ஓடினாள்.

"வண்டியை எடு. படகைப் பிடிக்கணும்."

"என்னடி, மூஞ்சி இப்படி வெளுத்திருக்கு? யாருக்கு என்ன ஆச்சு?"

"இன்னும் ஒண்ணும் ஆகலை. ஆகியிருக்கக் கூடாது."

கார்களை ஏற்றிக் கடலைக் கடக்கும் அந்தப் படகில் குன்வர் காரைவிட்டு இறங்கவே இல்லை. மடியில் அந்தக் குல்லாய் இருந்தது. கையை உள்ளே விட்டாள். நாலு விரல், கட்டைவிரல், இன்னும் இடம்.

"அங்க நர்ஸுங்க சும்மாவா இருப்பாங்க? கண்ணு இருக்குல்ல அவங்களுக்கு," என்றாள் ஓஸ்ஹில்ட்.

"துவைக்காம பார்த்தா சரியாத்தான் இருக்கும். துவைச்சுட்டுத்தான் போடுவாங்க. போட்டுட்டுத் திரும்பி நிக்கிற ஒரு நிமிஷம் போதாதா?"

"நீ எப்பவும் இல்லாததை நினைச்சே சாகறவ."

"இது இல்லாதது இல்லை. இருபத்தெட்டு."

ஓஸ்ஹில்ட் குல்லாயை வாங்கித் தன் கையையும் உள்ளே விட்டுப் பார்த்தாள். அது குன்வரை இன்னும் பயமுறுத்தியது. பயத்தில் ஒரு நேர்மை உண்டு: அது தன்னை யார் உண்டாக்கினார்கள் என்பதை மறக்க விடாது. கடலோ நோயோ என்றால் யாரையாவது நொந்துகொள்ளலாம். இங்கே அவள் எழுதிய எண்ணும் அவள் எழுதாமல் விட்ட ஒரு வார்த்தையும்தான் காரணம்.

வார்டு வாசலில் சுன்னிவா என்ற இளம் நர்ஸ் கதவைத் திறந்தாள்.

"குல்லாய் கொண்டுவந்தவங்கதானே நீங்க? அழகா இருந்துச்சு. எல்லாத்தையும் துவைச்சு, கம்பில பரப்பிக் காயவச்சுட்டோம்."

"யாருக்காவது போட்டீங்களா?"

அவள் குரலைக் கேட்டு சுன்னிவாவின் சிரிப்பு நின்றது. "ஏன்? என்ன ஆச்சு?"

"கணக்கு தப்பு. என் தப்பு. துவைச்சா பெரிசாகும்னு நான் எழுதலை. மூஞ்சில விழும். எல்லாத்தையும் எடுத்துடுங்க. இப்பவே."

சுன்னிவா உடனே உள்ளே நடந்தாள். குன்வர் பின்னால் போனாள்; கை கழுவச் சொன்னார்கள், கழுவினாள்; முழங்கைவரை மறுபடி கழுவச் சொன்னார்கள், கழுவினாள். அந்தத் தண்ணீர் ஓடிய நேரம் அவளுக்கு முடிவே இல்லாமல் இருந்தது.

இழுப்பறையில் பதினொன்று இருந்தன.

"காலைல ஒண்ணை ஒரு குட்டிக்கு மாட்டிப் பார்த்தேன், கண்ணுக்கு வந்துச்சு. அது ஒண்ணுதான் பெரிசுன்னு நினைச்சு உடனே கழட்டி இதுல போட்டுட்டேன்," என்றாள் சுன்னிவா. "பன்னிரண்டாவது அங்க."

மூலைப் படுக்கைக்குப் பக்கத்தில் ராக்னி என்ற இளம் தாய் உட்கார்ந்திருந்தாள். தொட்டிலில் குழந்தை தூங்கியது. தலையில் சாம்பல் நிறக் குல்லாய்; விளிம்பு புருவத்துக்கு மேல்.

"அதைக் கழட்டணும்மா," என்றாள் குன்வர்.

"ஏன்? என் பையன் மூணு நாளா இப்பத்தான் நிம்மதியாத் தூங்கறான். இதைப் போட்டதும்தான். கழட்ட விடமாட்டேன்."

"நான்தான் இதுக்குக் கணக்கு போட்டவ. தப்பாப் போட்டேன்."

ராக்னி குழந்தையைப் பார்த்தாள், பிறகு இவளைப் பார்த்தாள். அவள் முகத்தில் நம்பிக்கை வடிவதைக் குன்வர் கண்ணெதிரே கண்டாள். "தப்புன்னா?"

"தலையை அளக்கணும். அவ்வளவுதான். அளக்க விடுங்க."

சுன்னிவா குல்லாயை மெல்ல உயர்த்திப் பிடிக்க, குன்வர் நாடாவை அந்தச் சின்னத் தலையைச் சுற்றி நகர்த்தினாள். இரண்டு முறை அளந்தாள். முப்பத்தொன்று.

"சத்தமாச் சொல்லுங்க," என்றாள் ராக்னி.

"முப்பத்தொண்ணு." குன்வர் நாடாவைக் காட்டினாள். "குல்லாய் இருபத்தெட்டு. மூணு கம்மி. இவனுக்குப் பிடிச்சு நிக்கும்."

"நிக்குமா, நிக்கும்னு நினைக்கிறீங்களா?"

நியாயமான கேள்வி. குன்வர் குல்லாயை மறுபடி மாட்டி, விளிம்பை ஒரு விரலால் கீழே இழுத்துவிட்டாள். விடுபட்ட விளிம்பு மேலேறித் தன் இடத்தில் நின்றது. இரண்டாம் முறை இழுத்தாள். நின்றது. குழந்தை தலையைத் திருப்பியது. குல்லாயும் கூடவே திரும்பியது.

"இந்தக் குழந்தைக்கு இருக்கட்டும்," என்றாள் சுன்னிவா, குன்வரைப் பார்க்காமல். "மத்ததை எடுத்துட்டுப் போங்க. இனிமே துவைச்சு அளந்துட்டுக் கொண்டுவாங்க."

"நாற்பத்தெட்டுக் கண்ணி," என்றாள் குன்வர். "துவைச்ச அளவுல பத்துக்கு இருபது, இருபத்துநாலுக்கு நாற்பத்தெட்டு. எட்டால வகுபடும். பன்னிரண்டு பேருக்கும் நானே சொல்றேன்."

யாரும் பாராட்டவில்லை. பாராட்டும்படியாக எதுவும் இல்லைதான்.

பதினொரு குல்லாயையும் பையில் போட்ட பிறகும் அவள் போகவில்லை. கணக்கு சரி என்று அறிவு சொன்னது. ஐம்பத்தாறும் சரி என்று அதே அறிவுதான் போன வாரம் சொன்னது. தொட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சாம்பல் விளிம்பு புருவத்தைத் தாண்டாமல் இருக்கிறதா என்று, குழந்தையின் ஒவ்வொரு மூச்சுக்கும் பார்த்துக்கொண்டே நின்றாள். ராக்னி ஒரு நாற்காலியை அவள் பக்கம் தள்ளினாள்.