தலைக்குப் பின்னால் தங்க வட்டம்

என் வாய்தான் எனக்கு எதிரி என்று அம்மா சொல்லாத நாள் கிடையாது. வாய் மட்டுமில்லை, காலும் அப்படித்தான். ஒரு இடத்தில் ஐந்து நிமிஷம் உட்கார மாட்டேன். வில்லாபுரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்துக்கும் வாசலுக்கும் நான் நடந்த நடையைச் சேர்த்தால் திருப்பரங்குன்றத்துக்கு நாலு தடவை போய் வந்திருக்கலாம். பத்து வயசு எனக்கு. எண்பதுகளின் தொடக்கம். அந்த வருஷம் பங்குனியில் வீடே என்னைப் போல நிலைகொள்ளாமல் இருந்தது. அத்தைக்கு வரன் வந்திருந்தது.

அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. கல்லூரியில் சரித்திரம் படித்துக்கொண்டிருந்தாள். இரண்டாம் வருஷப் பரீட்சைக்கு ஒன்றரை மாசம் இருந்தது. மூன்றாம் வருஷமும் முடித்து, டீச்சர் வேலைக்குப் படிக்க வேண்டும் என்பது அவள் கணக்கு. பரமக்குடியில் இருந்து வந்த வரனோ, பெண் பிடித்திருந்தால் சித்திரையிலேயே முகூர்த்தம், படித்தவரை போதும் என்று சொல்லி அனுப்பியிருந்தது. பட்டுத்தறியும் ஜவுளிக்கடையுமாக வசதியான குடும்பம். அப்பாவுக்கு அதிகம் பேச வராது. ஆகவே பேசிய அத்தனையும் சித்தப்பா.

சித்தப்பா சேலை வியாபாரத்துக்காக வடக்கே போய் வருகிறவர். ஒரு தடவை ஜெய்ப்பூரில் இருந்து திரும்பும்போது, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு படத்தைத் துணிமூட்டைக்குள் பொதிந்து கொண்டுவந்தார். பள்ளிக்கூடச் சிலேட்டை விடக் கொஞ்சம் பெரிய படம். விதானத்துக்குக் கீழே மெத்தைமேல் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். தலைக்குப் பின்னால் பொன் வட்டம். அவருக்குப் பின்னால் மயில்தோகைக் கற்றையை ஏந்தி ஒருவன். எதிரே இன்னொருவன். சித்தப்பா அதைக் கூடத்தில் மாட்டிவிட்டு, நெசவுக்காரர்களான நம்மவர்களைக் குஜராத்தில் இருந்து தெற்கே கூட்டிவந்த மகான் இவர்தான், நம் மூதாதை, என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டதற்கு வட்டத்தைக் காட்டினார். வட்டம் இருந்தால் தெய்வாம்சம், காலண்டரில் முருகனுக்கு இல்லையா? யாரும் மறு கேள்வி கேட்கவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா கண்ணாடிமேல் குங்குமம் வைத்தாள். தரகர் மூலமாகப் பரமக்குடி வரைக்கும் அந்த மகானின் புகழ் போய்ச் சேர்ந்தது. பெண்ணைப் பார்க்க வருகிறவர்கள் படத்தையும் பார்ப்பதாக இருந்தார்கள்.

இதற்கு நடுவில் அத்தை பரீட்சைக்குப் படித்தாள். கல்லூரி நூலகத்தில் இருந்து எடுத்து வந்த கனமான புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் வர்ணத்தில் ராஜசபைப் படங்கள். படத்துக்குக் கீழே இருக்கும் எழுத்தை நான் உள்ளங்கையால் மூடிக்கொள்ள வேண்டும். அத்தை கூடத்தில் மேலும் கீழும் நடந்தபடியே படத்தில் இருப்பது யார் என்று சொல்ல வேண்டும். சரியா தப்பா என்று நான் கையை எடுத்துப் பார்ப்பேன். உட்காரத் தெரியாத எனக்கும் அந்த விளையாட்டு பிடித்துப்போனது.

மொகலாய பாதுஷாக்களின் பெயர்கள் என் வாயில் நுழையவில்லை. அதனால் தாத்தா, மகன், பேரன் என்று வைத்துக்கொண்டேன். தாத்தாவுக்கு மீசை உண்டு, தாடி கிடையாது. தலையோடு ஒட்டிய சின்னத் தலைப்பாகை. அவர் சபையில் பலருடைய அங்கியின் கீழ்விளிம்பு நாலு முனையாகக் கூர்ந்து தொங்கும். தலைக்குப் பின்னால் வட்டம் கிடையாது. வட்டம் மகன் காலத்தில்தான் வந்தது. கப்பலில் வந்த வெள்ளைக்காரர்களின் சாமி படங்களைப் பார்த்து, சபையின் சித்திரக்காரர்கள் அதை எடுத்து ராஜாவின் தலைக்குப் பின்னால் வைத்தார்களாம். மகனுக்குக் காதில் முத்து, கன்னத்தில் கிருதா, மோவாய் மழமழவென்று இருக்கும். பேரனுக்கு வட்டமும் உண்டு, தாடியும் உண்டு. பிற்பாடு ராஜபுத்திர ராணாக்களும் எங்களுக்கும் ஒன்று என்று வட்டம் போட்டுக்கொண்டார்கள். அவர்களைத் தலைப்பாகையின் கட்டைப் பார்த்துப் பிரிக்க வேண்டும், ஊருக்கு ஒரு கட்டு. வட்டம் இருந்து, உடம்பும் நீலமாக, மஞ்சள் வேட்டியும் தலையில் மயில்பீலியுமாக இருந்தால் அது கிருஷ்ணர்.

வட்டம் மட்டும் பார்த்து முடிவு கட்டினால் அத்தை தன் தலையிலேயே குட்டிக்கொள்வாள். இடத்தையும் பார்க்க வேண்டும். விதானத்தின் கீழே உட்கார்ந்திருப்பது யார், நிற்பது யார்? மாடத்து ஜன்னலில் முகம் காட்டுவது யார், கீழே இருந்து அண்ணாந்து பார்ப்பது யார்? மயில்தோகையோ சாமரமோ யாருக்காக வீசப்படுகிறது? வீசுகிறவன் எவ்வளவு நகை போட்டிருந்தாலும் வேலைக்காரன்தான். எனக்கு ரொம்பப் பிடித்தது முடிச்சு. எல்லோரும் போட்டிருக்கும் அந்த நீள அங்கியை மார்புக்குக் குறுக்கே மடித்து அக்குளுக்குக் கீழே நாடாவால் கட்டுவார்கள். முஸ்லிம்கள் வலது பக்கம், இந்துக்கள் இடது பக்கம். ஒரே சபையில் ஒரே துணியில் நிற்பவர்களைக்கூட அதை வைத்துச் சொல்லிவிடலாம். எனக்கு இடது வலது குழம்பும். அதனால் படத்துக்கு முதுகைக் காட்டி, அந்த ஆள் நிற்கிற மாதிரியே நின்று, என் கையைப் பார்த்துக்கொள்வேன்.

ஒரு நாள் சும்மா இருக்க முடியாமல் எங்கள் மகானுக்கும் முதுகைக் காட்டி நின்றேன். முடிச்சு வலது பக்கம். காதில் முத்து. கன்னத்தில் கிருதா. புத்தகத்தில் இருந்த மகன் பாதுஷாவேதான். சித்தப்பாவிடம் ஓடினேன். நடுமண்டையில் ஒன்று வைத்து, "போடி, போய்ப் பாடத்தப் படி. மகான்கிட்ட முடிச்சப் பார்க்க வந்துட்டா" என்றார்.

(எங்கள் வீட்டில் நாங்கள் பேசுவது, குஜராத்தில் இருந்து கூடவே வந்த எங்கள் பாஷை. இதையெல்லாம் தமிழில் சொன்னால் இப்படித்தான் வரும்.)

அழுதுகொண்டே அத்தையிடம் போனேன். அவள் எழுந்து வந்து படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றாள். ஒன்றரை வருஷமாக அதைத் தாண்டித்தான் கல்லூரிக்குப் போய்வருகிறாள், ஒரு நாளும் பார்த்ததில்லை போல. பிறகு என் தலையைத் தடவினாள்.

"நீ சொல்றது சரிதான். சித்தப்பா கேட்கலைன்னா, கேட்கிறவங்ககிட்டச் சொல்லு. ஞாயித்துக்கிழமை அவங்க பொண்ணு பார்க்க வரும்போது நீ கூடத்துலதான இருப்ப?"

"அம்மா மாடிக்குப் போகச் சொல்லிருக்கு."

"நான் சொல்லி உன்னய இங்கயே உட்கார வைக்கிறேன்" என்றாள் அத்தை.

ஞாயிற்றுக்கிழமைக்கு இருந்த மூன்று நாளும் நான் கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்தேன். அத்தையும் புத்தகத்தைத் திறப்பாள், மூடுவாள், வாசலுக்குப் போவாள், வருவாள். கல்யாணக் களை வந்துவிட்டது என்று அம்மா பூரித்துப்போனாள்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா ஒல்லியாக, உயரமாக, அதிகம் சிரிக்காதவராக இருந்தார். மற்றவர்கள் பாயில் உட்கார, அவர் நேரே படத்தண்டை போனார். சித்தப்பா ஓடிப்போய்ப் பக்கத்தில் நின்றார்.

"பாருங்க மாமா, அந்த வட்டத்த. சாதாரண ஆளுக்குப் போடுவானா? எங்க வம்சத்துக்கு இவருதான் மூலம்."

"அது ராஜாவுக்குப் போடறது" என்றேன் நான்.

சித்தப்பா என் பக்கம் திரும்பாமலே, "உள்ள போ" என்றார். மாப்பிள்ளையின் அப்பா கையைக் காட்டி அவரை நிறுத்தினார். "இரு தம்பி. பிள்ள சொல்லட்டும்."

அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. வட்டம், கப்பலில் வந்த சாமி படம், முத்து, கிருதா, விதானம், மயில்தோகை எல்லாம் சொன்னேன். முதுகைக் காட்டி நின்று, முடிச்சு எந்தப் பக்கம் என்று கையைத் தூக்கிக் காட்டினேன். "இவரு மொகலாய பாதுஷா. நம்ம ஆளு இல்ல" என்று முடித்தேன்.

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சித்தப்பாவின் முகம் கறுத்துப்போனது. மாப்பிள்ளையின் அப்பா சித்தப்பாவை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஜெய்ப்பூர்ல வாங்கினதோ?" என்று மட்டும் கேட்டார். அவருடைய மனைவி மடியில் இருந்த பூத்தட்டை மெள்ள எடுத்து இடுப்புக்குப் பின்னால் நகர்த்தி வைத்தாள். சமையலறை வாசலில் அத்தை காபித் தட்டோடு நின்றிருந்தாள். என்னையே பார்த்தாள். அவள் முகத்தை அவ்வளவு தெளிவாக நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. என் மீது அவளுக்குப் பெருமை என்று நினைத்தேன். பெருமை வந்தால் என் வாய் சும்மா இருக்குமா?

"நம்ம ஆளு இதுல இருக்காரு" என்றேன். "எதுத்தாப்புல நிக்கிறவரு."

எதிரே நிற்பவனை அதுவரை யாரும் கவனித்ததில்லை. கண்ணாடியின் அந்த ஓரத்தில்தான் குங்குமம் வழிந்திருந்தது. வட்டம் கிடையாது. காலில் செருப்பு கிடையாது. சாதாரண இடைக்கச்சை, தலைப்பாகையில் ஒரு நகைகூட இல்லை. உட்கார்ந்திருக்கும் பாதுஷாவை விட நிற்கிற அவனைச் சின்னதாகவே வரைந்திருந்தார்கள். அங்கியின் முடிச்சு இடது பக்கம். நீட்டிய இரண்டு கைமேலும் மடித்த துணி ஒன்று. "முடிச்சு இடது பக்கம், அதனால இந்து. ராஜாவுக்குத் துணி காட்டறாரு. துணி நெய்யறவங்க நாமதான?" என்றேன்.

மாப்பிள்ளையின் அப்பா மேல்துண்டால் குங்குமத்தைத் துடைத்தார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, மூக்கு சட்டத்தில் இடிக்கும்படி குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார். நிமிர்ந்தபோது குரல் மாறியிருந்தது.

"ஓரத்த வாங்குறவன் பக்கம் திருப்பிப் பிடிச்சிருக்கான் பாருங்க. முந்தி மேல வர்ற மாதிரி மடிச்சிருக்கான். எங்க அப்பா கடையில இப்படித்தான் பிடிப்பாரு." பாயில் வந்து உட்கார்ந்தார். "ராஜா எங்க ஆளுன்னு சொல்ற வீடு நாலு பார்த்துட்டேன். துணி வச்சிருக்கவன எங்க ஆளுன்னு சொன்னது இந்த ஒரு வீடுதான். எனக்குச் சம்மதம். பஞ்சாங்கத்த எடுங்க."

சித்தப்பாவுக்கு உயிர் திரும்பியது. ஏதோ அவரே சொல்லிக்கொடுத்த மாதிரி என்னைத் தூக்கித் தோள்மேல் வைத்துக்கொண்டார். பூத்தட்டு முன்னால் வந்தது. சித்திரை இருபத்தொன்று என்று நாள் குறித்தார்கள். அத்தையின் இரண்டாவது பரீட்சை அன்றைக்குத்தான். காபி ஆறிவிட்டது என்று அம்மா தட்டை அவள் கையில் இருந்து வாங்கிக்கொண்டு போனாள்.

அவர்கள் போன பிறகு, ஓடிப்போய் அத்தையின் எதிரில் நின்றேன். புடவையைக்கூட மாற்றாமல், நூலகப் புத்தகத்துக்குப் போட்டிருந்த செய்தித்தாள் அட்டையைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"நான் நல்லாச் சொன்னேனா அத்தை?"

"நல்லாச் சொன்ன." அட்டையை நாலாக மடித்தாள். "பாதுஷாவோட நிறுத்தியிருக்கக் கூடாதாடி?"

"ஏன், அது தப்பா?"

"தப்பில்ல. எல்லாமே சரி" என்றாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. துணிக்காரனைக் கண்டுபிடித்தது நான், அத்தை அல்ல. அவளுக்குத் தெரியாததை அத்தனை பேர் முன்னால் நான் சொல்லிவிட்டதில் பொறாமை என்று தீர்மானித்தேன். சமையலறைக்குப் போய் அம்மாவிடமும் அதைச் சொன்னேன். "அத்தைக்கு என்மேல பொறாமைம்மா. உள்ள உட்கார்ந்து அழுகுது."