ஓரத்தில் ஒரு நீலக் கோடு

அச்சகத்தில் அவருக்கு சோடாபுட்டி என்று பெயர். ஒன்பது பவர் மைனஸ், அதுவும் இரண்டு கண்ணுக்கும். பழைய கண்ணாடியின் ஓரம் பிஸ்கட் கனத்துக்கு இருக்கும். அந்தக் கண்ணாடியோடுதான் முப்பது வருஷமாக நிறம் பார்க்கும் மேஜையில் நின்றார். நான்கு மைகள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழுந்திருக்கின்றனவா என்று பார்ப்பது அவர் வேலை. ஒரு மயிரிழை விலகினாலும் எழுத்தின் ஓரத்தில் நிறம் எட்டிப் பார்க்கும். அவர் கையைத் தூக்குவார், மெஷின் நிற்கும். அவர் கைக்கு மறுபேச்சு பேச அங்கே ஆள் கிடையாது.

நான் கண்ணாடிக் கடைக்காரி. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று எங்கள் வீட்டில் சொல்வார்கள். மூக்கின் மேல் மற்றவர்களுக்குக் கண்ணாடி மாட்டியே பிழைக்கிறவளுக்கு அங்கே வேறு என்ன வரும்?

அவர் மனைவிதான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். போட்டோவில் எல்லாம் கண்ணாடிதான் விழுகிறது, மனுஷன் விழவில்லை என்று அந்த அக்காவுக்குக் குறை. நான் மெலிசு லென்ஸை எடுத்துக் காட்டினேன். அகலமான, நாகரிகமான பிரேமையும் நானே தேர்ந்தெடுத்தேன். மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்றவரைப் பார்த்து அக்கா வெட்கப்பட்டார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமைக்கு மூன்றே வாரம்தான் ஆயுள்.

மூன்றாம் வாரம் அவர் தனியாக வந்தார். கையில் சுருட்டிய அச்சுக் காகிதம். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து நானும் தயாரானேன். அவரோ நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்து, கனவு கண்டதைச் சொல்கிறவர் மாதிரி சொல்ல ஆரம்பித்தார். எழுத்துகளுக்கெல்லாம் கரை கட்டியிருக்கிறதாம். கறுப்புக் கோட்டுக்கு ஒரு பக்கம் மஞ்சள், இன்னொரு பக்கம் நீலம். ஜன்னல் கம்பி, கதவு நிலை, வெள்ளைச் சுவரில் மாட்டிய காலண்டர், எல்லாமே கொஞ்சம் ஈரமான ஓவியம் போல இருக்கிறதாம்.

அச்சகத்தில் நடந்ததையும் சொன்னார். குழந்தைகளுக்கான பறவைப் புத்தகம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று முறை மெஷினை நிறுத்தியிருக்கிறார். மெஷின்காரர் சின்ன உருப்பெருக்கியைத் தாளின்மேல் வைத்து, நான்கு மையும் சேருமிடம் காட்டும் ஓரக் குறிகள் சரியாகத்தானே விழுந்திருக்கின்றன என்று காட்டியிருக்கிறார். அதன் வழியாக இவருக்கும் சரியாகத்தான் தெரிந்திருக்கிறது. ஆனாலும் முப்பது வருஷக் கண் பெரிதா, கைக்கு அடங்கும் ஒரு உருப்பெருக்கி பெரிதா? நான்காம் முறை, தாளின் வலது மூலையில் நீலம் வெளியே தெரிகிறது, உள்ளே தள்ளு என்று சொல்லித் தள்ள வைத்துவிட்டார். ஆறாயிரம் தாளில் எல்லாப் பறவைக்கும் இரண்டு அலகு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று மெஷின்காரர் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். முதலாளி அவ்வளவு கடுமையானவர் இல்லை. ஒரு வாரம் பார்க்கலாம், சரிப்படாவிட்டால் தாள் மடிக்கும் பக்கம் போய் உட்காருங்கள் என்றார். கண் டாக்டரோ கண்ணில் ஒரு குறையும் இல்லை என்று அனுப்பிவிட்டார்.

"கண்ணு போயிடுச்சுன்னா சொல்லிடுங்கம்மா. மடிக்கிற வேலைக்குப் போயிடறேன்," என்றார். அவ்வளவுதான் கேட்டார். கண்ணாடியைக் குறை சொல்ல அவருக்குத் தோன்றவே இல்லை.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் வாய் வழக்கமான பாட்டைத்தான் பாடியது: புதுக் கண்ணாடி, பழகப் பழகச் சரியாகிவிடும். லென்ஸ்மீட்டரில் வைத்துப் பார்த்தேன். பவர் சரி. லென்ஸின் மையமும் அவர் கண்ணின் மையமும் நேருக்கு நேர். என் மேல் தப்பே இல்லை என்று நிம்மதிப்பட்டுக்கொண்டே திரும்பினேன். அவர் அந்தக் காகிதத்தைக் கல்லாமேஜையில் விரித்து, நாலு மூலையையும் பார்த்துக்கொண்டிருந்தார். தலை அசையவே இல்லை. கண் மட்டும் மூலைக்கு மூலை ஓடியது. விளக்கின் கீழே தலையை ஓரிடத்தில் நிறுத்திப் பார்த்துப் பார்த்து அப்படி ஆகிவிட்ட உடம்பு.

என் தலையில் நானே குட்டிக்கொண்டேன்.

மைனஸ் லென்ஸ் ஓரத்துக்குப் போகப் போகத் தடிக்கும். அந்த இடம் முப்பட்டகம் போல ஒளியைத் திருப்பும், திருப்பும்போது நிறங்களையும் பிரிக்கும். நீலம் கொஞ்சம் கூடுதலாகத் திரும்பும், சிவப்பு கொஞ்சம் குறைவாக. எந்தப் பொருள் எவ்வளவு பிரிக்கும் என்பதற்கு அபே எண் என்று ஒரு கணக்கு இருக்கிறது. எண் குறையக் குறையப் பிரிவு அதிகம். பழைய சாதாரண பிளாஸ்டிக்குக்கு ஐம்பத்தெட்டு, நான் விற்ற மெலிசுக்கு முப்பத்திரண்டு. இதே மெலிசை நூறு பேருக்குக் கொடுத்திருக்கிறேன். முக்கால்வாசிப் பேருக்குப் பவர் குறைவு. மற்றவர்கள் பார்க்கவேண்டிய பக்கம் முகத்தையே திருப்பி, லென்ஸின் நடுவால் பார்த்துக்கொள்வார்கள். மிச்சத்தை மூளை கண்டும் காணாமல் விட்டுவிடும். இவருக்கோ ஒன்பது பவர், அகலப் பிரேம், அசையாத தலை, போதாக்குறைக்கு நிறம் விலகுவதைக் கண்டுபிடிக்கவே பழகிய கண். எது ஒருவருக்கும் தெரியாதோ அதைப் பார்த்துத்தான் அந்த மனுஷன் சம்பளம் வாங்குகிறார்.

காகிதத்தில் ஒரு கறுப்புக் கோட்டைக் காட்டி, முகத்தை இடப்பக்கம் திருப்பிக் கண்ணை மட்டும் கோட்டின்மேல் வைக்கச் சொன்னேன். கோட்டின் வலது பக்கம் நீலம் என்றார். இப்போது முகத்தை வலப்பக்கம் திருப்பிப் பாருங்கள் என்றேன். அவர் இரண்டு முறை திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இடது பக்கம் போயிடுச்சும்மா."

"அச்சுல தப்பு இருந்தா, நீங்க முகத்தைத் திருப்பினதும் அதுவும் பக்கம் மாறுமா சார்?"

மாறாது என்று அவருக்குத் தெரியும். எனக்கு முன்னாலேயே தெரிந்திருக்கவேண்டியவர் அவர்தான். மூக்கை நேராகக் கோட்டுக்குக் காட்டச் சொன்னேன். நீலமும் இல்லை, மஞ்சளும் இல்லை, வெறும் கோடு. உருப்பெருக்கியில் சரியாகத் தெரிந்ததும் இதனால்தான், அதைக் குனிந்து லென்ஸின் நடுவால் பார்த்திருக்கிறார். அவர் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். நான் தண்ணீர் எடுக்கப் போவது போல உள்ளே போய்விட்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது.

நாலாம் நாள் சாதாரண பிளாஸ்டிக்கில் சின்ன வட்டப் பிரேம் போட்டு, கண்ணுக்கு நெருக்கமாக வைத்துக் கொடுத்தேன். வட்டம் சின்னது என்பதால் கனம் பாதி பிஸ்கட்தான் வந்தது. மெஷின்காரர் விடுவாரா? சொல்லாமல் கொள்ளாமல் சிவப்பை ஒரு மயிரிழை நகர்த்தி வைத்திருக்கிறார். முதல் தாளிலேயே இவர் கை தூக்கிவிட்டாராம். ஆட்டம் தெரிந்தவர்தான், கூடம்தான் கோணலாக இருந்தது என்று அந்த ஆளே பிறகு ஒத்துக்கொண்டார். மேஜை அவருக்கே நின்றது.

மெலிசுக் கண்ணாடியைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று நானே சொன்னேன். அவர் தரவில்லை. போட்டோவுக்கு இருக்கட்டும் என்றார் அக்கா. ஆனால் போட்டோவுக்கு அவர் அதைப் போட்டு நான் பார்த்ததில்லை.

ஒரு சாயங்காலம் அக்காவின் கண்ணைச் சோதித்துக்கொண்டிருந்தேன். வெளியே மழை விட்டு, தெருவிளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன. அவர் கடை வாசலைப் பார்த்த நாற்காலியில், மெலிசுக் கண்ணாடியோடு, தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தார். தூங்குகிறாரா என்று அக்கா கேட்டார். நான் கிட்டே போய்ப் பார்த்தேன். கண் மட்டும் ஓரத்துக்கு ஓடி, அங்கேயே நின்றிருந்தது.

"ஒவ்வொரு விளக்குக்கும் உள்பக்கம் நீலம், வெளிப்பக்கம் ஆரஞ்சு," என்றார் சன்னமாக. "முப்பது வருஷமா இப்படி ஒண்ணைப் பார்த்தா நிறுத்துன்னுதான் கையைத் தூக்கியிருக்கேன். எவ்வளவு அழகுன்னு ஒரு நாளும் பார்த்ததில்லம்மா."

அவர் இரண்டு கையும் மடியில் கிடந்தன.