தறி அறையில் வைத்த மிளகாய்

மாசி பங்குனியில் ஆந்திராவிலிருந்து மிளகாய் லோடு இறங்கும்போது ஆரணியில் மிளகாய் விலை சரியும். ஐப்பசி மழையில் அது மறுபடி ஏறி உட்காரும். நான் வீட்டில் மிளகாய்த் தூளும் குழம்புத் தூளும் அரைத்து விற்கிறவள். என் தூளுக்கு வருஷம் முழுக்க ஒரே விலை என்று தெருவில் எல்லோருக்கும் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அந்த வாக்கைக் காப்பாற்ற ஒரே வழி, விலை இறங்கும்போது மொத்தமாக வாங்கிக் கெடாமல் வைத்துக்கொள்வதுதான்.

வாங்குவதில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. எடை கூட வேண்டும் என்று மூட்டையில் தண்ணீர் தெளித்து வைக்கிற ஆட்கள் உண்டு. அதனால் மேலே இருப்பதைப் பார்க்கவே மாட்டேன். மூட்டைக்கு நடுவில் கையை விட்டு ஒரு பிடி எடுத்து நசுக்குவேன். சடசடவென்று உடைந்து விதை கொட்டினால்தான் வண்டியில் ஏற்றச் சொல்வேன். வீட்டுக்கு வந்த பிறகும் மாடியில் தார்ப்பாய் விரித்து மறுபடி காய வைப்பேன். வெயில் சூட்டோடு கட்டினால் மூட்டைக்குள்ளேயே வேர்த்துவிடும் என்று, நிழலில் ஆறவிட்டுத்தான் கோணியில் கட்டுவேன்.

போன வருஷமும் இவ்வளவும் செய்தேன். வருஷத்துக்கே சேர்த்து மொத்தமாக வாங்கியது அதுதான் முதல் தடவை. மூட்டைகளை எங்கே வைப்பது என்பதில்தான் கோட்டை விட்டோம்.

எங்கள் வீட்டில் இருப்பது மூன்று இடம். சமையலறையில் எப்போதும் ஆவி. உள் அறையை எங்கள் கட்டில் அடைத்துக்கொண்டிருக்கும். மீதி கூடம், அதில் குழித்தறி. என் கணவர் பட்டுத் தறி நெய்கிறவர். தறி ஓடுகிற இடத்தை எங்கள் தெருவில் சாமி அறை மாதிரி வைத்திருப்பார்கள். எலி வராது, பூச்சி அண்டாது, எண்ணெய்க் கையோடு ஒருவர் நுழைய முடியாது. நான் கட்டிலைப் பார்த்துக்கொண்டு யோசிப்பதைக் கண்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"இன்னாத்துக்கு யோசிச்சுகினு நிக்கிற? கூடத்துலயே வெய்யி. பட்டே கெடாத எடத்துல மொளகா கெட்டுடுமா?" என்றார்.

கேட்க நன்றாகத்தான் இருந்தது. நெய்கிற வீட்டில் பிறந்து நெய்கிற வீட்டுக்கே வாழ்க்கைப்பட்டவள் நான், எனக்கும் அது நியாயமாகவே பட்டது. தறிக்குப் பின்னால் சுவரோரமாக மூட்டைகளை அடுக்கினோம். பட்டில் நெடி ஏறக்கூடாது என்று பழைய துணியைப் போட்டு நன்றாக மூடியும் வைத்தார். அவருடைய அக்கறை அவ்வளவும் பட்டின் மேல்தான்.

சித்திரை வெயிலில் இரண்டு மூட்டையை அரைத்து விற்றேன். தூள் நல்ல சிவப்பு. வைகாசி கடைசியில் மூன்றாவது மூட்டையைப் பிரித்தேன். மேலே இருந்தது நன்றாகவே இருந்தது. கையை உள்ளே விட்டதும் சில்லென்றது. ஒரு பிடி எடுத்து நசுக்கினேன், உடையவில்லை. தோல் மாதிரி வளைந்தது. காம்படியில் வெள்ளைப் பூசணம். கிள்ளிப் பார்த்தால் உள்ளே விதையெல்லாம் கறுத்திருந்தது.

முதலில் மண்டிக்காரரைத்தான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். திட்டிக்கொண்டே அடுத்த மூட்டையை இழுத்தபோது என் காலில் தண்ணீர் தெறித்தது. திரும்பிப் பார்த்தால், என் கணவர் தறிக் குழியைச் சுற்றிச் சொம்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் ஈரக் கோணி தொங்கிக்கொண்டிருந்தது.

கோடையில் எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். காற்றில் ஈரம் இல்லாவிட்டால் பட்டு இழை மொறுமொறுவென்று காய்ந்து அறுந்துபோகும். இந்த வீட்டுக்கு வந்து இருபது வருஷமாக நான் பார்த்துக்கொண்டிருக்கிற தண்ணீர். கோணியை நனைத்துத் தொங்கவிட்டதே பல நாள் நான்தான். அந்த அறையில் வைத்த மிளகாய் அத்தனை ஈரத்தையும் குடிக்கும் என்று இரண்டு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

"இனிமே இங்க ஒரு சொட்டு தண்ணி தெளிக்கக் கூடாது. சொல்லிட்டேன்," என்றேன்.

அவர் சொம்பைக் கீழே வைத்தார். மறுநாள் மதியம் வரை தறியில் பூட்டிய பாவில் இழை அறுந்துகொண்டே இருந்தது. ஒன்றை முடிச்சுப் போட்டு நிமிர்வதற்குள் இன்னொன்று. அது கல்யாணப் புடவை, நாள் குறித்துக் கொடுத்தது.

"பேஜார் பண்ணாத. இப்பிடி அறுந்துகினே இருந்தா பொடவையில முடிச்சுதான் தெரியும். தண்ணி தெளிக்காம நெய்ய முடியாது," என்றார்.

"அப்ப என் மொளகா?"

"அதை வேற எங்கனா தூக்கி வெய்யேன்."

கூடத்திலேயே வை என்று சொன்ன வாய்தான் இது! மாடியில் பரப்பிப் பொறுக்க உட்கார்ந்தேன். சுவரோரத்து மூட்டைகள் பெரும்பாலும் போச்சு. நல்லதாகத் தெரிந்ததைக்கூட மோந்து பார்த்தால் பூசண வாடை. பக்கத்து வீட்டு அக்கா மாடி ஏறி வந்து எட்டிப் பார்த்தாள். "நல்லதோட கலந்து அரைச்சுடும்மா. தூளாயிட்டா யாருக்குத் தெரியப் போவுது?" என்றாள்.

என்னிடம் தூள் வாங்குகிறவள் அவள். அவள் வீட்டுக் குழம்பிலும் அதுதானே விழும்? அதை அவளிடமே கேட்டேன். விறுவிறுவென்று இறங்கிப் போனாள்.

கெட்டதைக் கொளுத்திவிடலாம் என்றார் இவர். மிளகாயைக் கொளுத்தினால் தெருவே இருமிக்கொண்டு வாசலில் வந்து நிற்கும் என்ற யோசனைகூட இல்லை. கொல்லையில் குழி வெட்டிப் புதைத்தோம். குழியை அவர்தான் வெட்டினார், நான் அள்ளி வந்து கொட்டினேன். மிஞ்சியதை மறுபடி காய வைத்து ஆறவிட்டு, பிளாஸ்டிக் பை போட்ட கோணியில் இறுகக் கட்டினேன். அது ஆவணி வரைக்கும்தான் வந்தது.

ஐப்பசியில் ஏறின விலைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி அரைத்தேன். தூள் விலையை ஏற்ற வேண்டியதாயிற்று. "வருஷம் பூரா ஒரே வெலைன்னு சொன்னியேம்மா?" என்று கேட்டவர்களிடம் புது விலையை மட்டும் சொன்னேன். சிலர் கடைப் பாக்கெட்டுக்கு மாறிவிட்டார்கள். வாசலில் நின்று வாங்கினவர்கள் இப்போது என் வாசலைத் தாண்டிப் போகும்போது தெருவின் அந்தப் பக்கமாகப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்தப் பங்குனியில் மறுபடி விலை இறங்கியது. போன தடவையைவிடக் குறைவாகத்தான் வாங்கினேன். மாடியில் காய்ந்து ஆறின மூட்டையைக் கட்டிக்கொண்டு கீழே வந்தால், இவர் உள் அறையில் நின்று மெத்தையைச் சுருட்டிக்கொண்டிருந்தார். கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்திப் போட்டு, மேலே பலகையும் பரப்பியிருந்தார். தரை ஈரமும் சுவர் ஈரமும் படாது. நான் கேட்காமலே செய்தது.

"மொளகா இங்க இருக்கட்டும். நாம தறிகிட்ட பாய் போட்டுக்கலாம். ஜில்லுனு இருக்கும்," என்றார்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். மூட்டையைக் கட்டிலில் வைத்துவிட்டு, அந்தச் சுருட்டின மெத்தையைப் பார்த்தேன். அதைச் சுருட்டக் கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. போன வருஷமும் அது இங்கேயேதான் கிடந்தது.