அண்ணனுக்கு ராத்திரி எப்போது

கோடியக்கரையில் முழங்கால் சேற்றில் நின்றபடி உள்ளான் பறவைக் கூட்டத்தைப் பைனாகுலரில் தேடிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. எம்.எஸ்சி. விலங்கியல் படிக்கிற நாங்கள் பன்னிரண்டு பேர், ஒரு வேன், தூக்கக் கலக்கத்திலிருந்த ஒரு பேராசிரியர். பறவைக்கு எப்படி நேரம் தெரிகிறது என்று யாரோ கேட்டதற்கு அவர் கொட்டாவிக்கு நடுவே சொன்னார்: "மூளைக்குள்ள ஒரு கடிகாரம் இருக்கு. வெளிச்சந்தான் அதை தினம் சரிபண்ணுது. வெளிச்சமே படாத அறையில அடைச்சு வையுங்க, கடிகாரம் நிக்காது. ஆனா நம்ம நாளோட ஒட்டாது. கொஞ்சம் கொஞ்சமா விலகிப் போயிடும்."

"எங்க ஹாஸ்டல் வார்டன் மாதிரி சார்" என்றாள் ஒருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். நான் பைனாகுலரைக் கீழே இறக்கிவிட்டேன். வெளிச்சமே படாத அறை. எங்கள் வீட்டிலேயே ஒருவன் ஆறு வருஷமாக அதில்தான் இருக்கிறான் என்று தோன்றியது.

என் அண்ணனுக்கு இரண்டு கண்களும் இல்லை. கோயில் திருவிழாவில் வாணவெடி தவறி வெடித்ததில் போயின. புண் ஆறாததால் இரண்டையும் எடுத்துவிட்டுப் பளிங்கு மாதிரி செயற்கைக் கண் வைத்தார்கள். அதற்குப் பிறகு மாற்றுத் திறனாளிகளுக்கான ஒதுக்கீட்டில் மயிலாடுதுறை பஸ் நிலையத்துக்குப் போகிற சாலையில் வெளியூருக்கும் வெளிநாட்டுக்கும் போன் பேசுகிற எஸ்.டி.டி. பூத் ஒன்று கிடைத்தது. வீட்டை ஒட்டின அறைதான். சிங்கப்பூர், துபாய், பம்பாய் என்று பிள்ளைகளை அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்த அம்மாக்களெல்லாம் அங்கேதான் வரிசையில் நிற்பார்கள். பேரைச் சொன்னாலே அண்ணன் எண்ணை விரலால் தடவிப் போட்டுக் கொடுப்பான். நூறு எண்களுக்கு மேல் மனப்பாடம். "எம் புள்ள நம்பர் எனக்கே தெரியாது, உனக்குத் தெரியுதேப்பா" என்பார்கள்.

தொந்தரவு அவன் தூக்கத்தில்தான். சில வாரங்கள் ஊரோடு சேர்ந்து தூங்கி ஊரோடு எழுவான். பிறகு மெல்ல மெல்ல ராத்திரி தூக்கம் தள்ளிப்போகும். நாளுக்கு நாள் கொஞ்சம் லேட். பிறகு விடிகிற வரை புரண்டுகொண்டிருந்து, கடை திறக்கிற நேரத்துக்கு மேசையில் தலை சாய்ந்துவிடும். அந்தச் சமயங்களில் பூத் பகலெல்லாம் பாதிச் சாத்திக் கிடக்கும். அப்புறம் தானாகவே ஊர் நேரத்துக்கு வந்து சேர்ந்துவிடுவான்.

அம்மா இதை அமாவாசைக் கணக்கு என்றாள். "அமாவாசை கிட்ட வந்தாலே இவனுக்குத் தூக்கம் கெட்டுடுது. அந்த வெடி நேரத்துல என்னத்தையோ பாத்துட்டான்." மந்திரித்த கயிறு ஒன்று அவன் புஜத்தில் இருந்தது. ஆனால் போன தீபாவளி அமாவாசையன்று அவன் நன்றாகத்தான் தூங்கினான். "கயிறு வேலை செய்யுது" என்றாள் அம்மா. பௌர்ணமி வாக்கில் அவன் பகலில் சரிந்தபோது அவளே எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு பூத்துக்குப் போய் உட்கார்ந்தாள். அம்மாவுக்கு எண்கள் தெரியாது. போன் வந்தால் நடுங்குவாள்.

யாரோ புகார் எழுதிப்போட்டுவிட்டார்கள். தொலைபேசி அலுவலகத்திலிருந்து ஒரு ஆள் சைக்கிளில் வந்து, காப்பி குடித்தபடி, சங்கடத்தோடு சொன்னார்: "பகல்ல பூத் மூடியே இருக்குதுன்னு கம்ப்ளெயின்ட், தம்பி. என் மனசாட்சிப்படி நான் உங்களுக்கு எதிரா ஒண்ணும் எழுத மாட்டேன். ஆனா பொங்கல் கழிச்சு பெரியவங்க வந்து பாப்பாங்க. அப்பவும் இப்படி இருந்தா வேற ஆளுக்கு மாத்திடுவாங்க." அண்ணன் "சரிங்க" என்றான். அவர் போனதும் என்னிடம், "நான் குடிக்கிறேன்னு ஊருல சொல்றாங்களாமே, அவருக்கு அது தெரியாது போல" என்றான். சிரிக்க முயன்றான். சிரிப்பு பாதியில் கொட்டாவியாகிவிட்டது.

நாங்கள் மருந்தே கொடுத்துப் பார்க்கவில்லை என்றில்லை. கோடியக்கரையிலிருந்து திரும்புகிற வேனில் அதைத்தான் நினைத்துக்கொண்டே வந்தேன். பெரியம்மா மகன் அமெரிக்காவிலிருந்து வந்தபோது ஒரு டப்பா மெலடோனின் கொண்டுவந்திருந்தார். அங்கே விட்டமின் மாதிரி கடையிலேயே கிடைக்குமாம். "தூக்க மாத்திரை மாதிரி, ஆனா கெடுதல் இல்ல" என்றார். எங்களுக்கு அது போதுமாயிருந்தது. தலைவலி வந்தால் தலைவலி மாத்திரை, தூக்கம் வராவிட்டால் இது. எங்கள் பூத்துக்கு ராத்திரிதான் கூட்டம், ஏனென்றால் கட்டணம் குறைவது அப்போதுதான். கூட்டம் ஒருநாள் சீக்கிரம் கலையும், இன்னொரு நாள் பம்பாய் வரிசை நீளும். கடையைச் சாத்தி, சாப்பிட்டு, வெற்றிலை போட்டு, அதற்கப்புறமும் தூக்கம் வரவில்லையென்றால்தான் மாத்திரை. அதுவும் சில நாள் பால்காரன் மணி அடிக்கிற நேரத்துக்கு. "இப்பவாவது தூங்கட்டும்" என்று அம்மா ஒன்று கொடுப்பாள். நன்றாகத் தூங்குகிற வாரங்களில் டப்பாவைத் தொடுவதே இல்லை. நல்லாத்தானே இருக்கான், எதுக்கு வீணா?

ஆனால் அவன் நிலைமை இன்னும் மோசமாகிப் போனது. பகலெல்லாம் மந்தம். "அமெரிக்காக்காரன் மருந்து அமெரிக்காக்காரனுக்குத்தான்" என்று அண்ணன் டப்பாவை மிளகாய் வற்றல் வைக்கிற அலமாரிக்குள் தள்ளிவிட்டான்.

கோடியக்கரையிலிருந்து வந்த அடுத்த வாரம் அவனைத் தஞ்சாவூருக்கு இழுத்துக்கொண்டு போனேன். இழுத்துக்கொண்டு என்பது உண்மை. அது அவனுடைய கெட்ட வாரம். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து, திருவிடைமருதூர் தாண்டியும் எழவில்லை. பெரிய ஆஸ்பத்திரியின் நரம்பியல் புறநோயாளிப் பிரிவில் வரிசை மதியம் வரை நகர்ந்தது. எங்கள் முறை வரும்போது டாக்டரும் எங்களைப் போலவே களைத்திருந்தார். நான் கோடியக்கரையிலிருந்து ஆரம்பித்துச் சொல்லத் தொடங்க, அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"வெளிச்சம் ஏதாவது தெரியுதா தம்பி?"

"கண்ணே இல்லீங்க. இது ரெண்டும் போலி."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். முதல்முறையாக எங்களை நிமிர்ந்து பார்த்தார். "சில பேருக்குப் பார்வை சுத்தமா இல்லாட்டியும், கண்ணு இருந்தா வெளிச்சத்தோட செய்தி மட்டும் மூளைக்குப் போகும். அவங்களுக்குக் கடிகாரம் சரியா ஓடும். உங்களுக்கு அந்தப் பாதையே இல்ல. உங்க கடிகாரம் ஒரு நாளை இருபத்துநாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாத்தான் ஓட்டும். தினம் அந்தக் கொஞ்சம் சேந்துகிட்டே போகும். சுத்தி வரும்போது ஊரோட ஒத்துப்போவீங்க. அப்புறம் மறுபடி விலகுவீங்க."

"அப்ப நான் சோம்பேறி இல்லீங்களா?" என்றான் அண்ணன். கேலியாகத்தான் கேட்டான். ஆனால் பதிலுக்குக் காத்திருந்தான்.

"சோம்பேறியா இருந்தா இவ்வளவு ஒழுங்கா லேட் ஆக மாட்டீங்க."

மெலடோனின் கொடுத்த கதையைச் சொன்னேன். டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "அது தூக்க மாத்திரை இல்லம்மா. இருட்டுனதும் மூளையில உள்ள சின்னச் சுரப்பி அதைச் சுரக்கும். 'ராத்திரி ஆயிடுச்சு'ன்னு உடம்பு முழுக்கப் போற தகவல் அது. உங்க அண்ணனுக்கும் சுரக்குது, ஆனா அவர் ராத்திரியில, நம்ம ராத்திரியில இல்ல. வெளியிலேருந்து கொடுத்தா அந்தக் கடிகாரம் அதைக் கேக்கும். எப்ப கொடுக்கறீங்கங்கறதுதான் முக்கியம். அவர் உடம்புக்குச் சாயங்காலம்னு இருக்கற நேரத்துல கொடுத்தா முள்ளு முன்னாடி நகரும், ராத்திரி சீக்கிரம் வரும். அவர் உடம்புக்குப் பின்ராத்திரி, விடியக்காலைங்கற நேரத்துல கொடுத்தா முள்ளு பின்னாடி போகும். ராத்திரி இன்னும் தள்ளும்."

நாங்கள் ஒருநாள் முன்னால் இழுத்து, மறுநாள் பின்னால் தள்ளியிருக்கிறோம். இழுபட்டவன் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கையால் மற்றக் கையின் கடிகாரத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். கண்ணாடி மூடியைத் திறந்து முள்ளை விரலால் தடவுகிற கடிகாரம் அது.

"அப்ப நிறையப் போட்டா சீக்கிரம் சரியாகுமா சார்?" என்று நான் ஆர்வத்தில் கேட்டேன்.

"இல்ல. அதிகம் போட்டா மிச்சம் ரத்தத்துல நின்னுகிட்டு, தப்பான நேரத்துலயும் 'ராத்திரி, ராத்திரி'ன்னு கத்திக்கிட்டே இருக்கும். உங்க மாத்திரையைக் கால்வாசியா உடைங்க. தினம் ஒரே நேரம். தூக்கம் வந்தாலும் வராட்டியும். நல்ல வாரத்துலயும் விடக் கூடாது. அவர் ஊரோட ஒத்துப்போற வாரத்துல ஆரம்பிங்க. அப்பத்தான் பிடிமானம் கிடைக்கும். வேற நேரத்துல ஆரம்பிச்சாலும் சுத்தி வந்து பிடிக்கலாம், ஆனா நாளாகும்." பிறகு கொஞ்சம் தயங்கினார். "நான் இதைப் படிச்சிருக்கேன். ஒரு ஆளுக்குக் கொடுத்துப் பாத்ததில்ல. சொல்லிடறேன்."

திரும்புகிற பஸ்ஸில் அண்ணன் தூங்கவில்லை. "எத்தன மணிக்கு?" என்றான்.

"ராத்திரி ஒன்பதுன்னு டாக்டர் சீட்டுல எழுதியிருக்காரு. சாப்பாட்டுக்கு முன்னாடியே."

"ஒன்பதுக்கா? அப்பத்தானே கூட்டமே வரும். அத முழுங்கிட்டு, பம்பாய் நம்பர் போடும்போது தலை சாஞ்சா?"

"கால் மாத்திரைதானே."

"உனக்குச் சொல்ல லேசு. பகல்ல தூங்கறான்னு பூத்தைப் புடுங்கப் போறாங்க. ராத்திரியும் தூங்கறான்னா, அன்னிக்கே வந்து எடுத்துடுவாங்க." அவன் குரலில் கோபம் இல்லை. அதற்குக்கூடத் தெம்பு இல்லாத மாதிரி இருந்தது. "பாப்பா, ஒவ்வொரு தடவையும் இது சரியாயிடும்னு நம்பறதே ஒரு வேலையா இருக்குடி."

கும்பகோணத்தில் பஸ் நின்றபோது இரண்டு டிகிரி காப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். அவன் டம்ளரை முகர்ந்து பார்த்துவிட்டு, "இது எந்த நேரத்துல குடிக்கணும்னு கேட்டியா?" என்றான். அப்போது சிரித்தோம், இரண்டு பேரும். எனக்குத்தான் கண் கலங்கியது. நல்லவேளை, அவனுக்குத் தெரியாது என்று நினைத்தேன். "மூக்கை உறிஞ்சாம குடி" என்றான்.

வீட்டில் அம்மாவிடம் சொல்லிப் புரியவைப்பது அதைவிடக் கடினம். எல்லாம் கேட்டுவிட்டு அவள் கேட்டாள்: "நல்லா தூங்கற அன்னிக்கு எதுக்குடி மருந்து?" கடிகாரத்துக்குத் தினமும் சாவி கொடுப்போமே, நின்னு போன அன்னிக்கு மட்டுமா கொடுப்போம் என்றேன். "சரி" என்றாள். ஆனால் விடியற்காலையில் அவன் புரண்டுகொண்டிருந்தால் அவளால் சும்மா இருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். டப்பாவை அவள் கையில் கொடுக்காமல் என் டிரங்குப் பெட்டியில் வைத்தேன். அவள் முகம் வாடியதைப் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

பிரச்சினை ஒன்பது மணிக் கூட்டம். நான்தான் உட்கார வேண்டும். கல்லூரிப் பாடத்தை அங்கேயே மேசையில் வைத்துப் படிக்கலாம். ஆனால் எண்கள்? அண்ணன் ஒரு மாலை முழுக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தான். வெற்றிலைக் கொடிக்கால்காரர் மகன் ஷார்ஜா, டீச்சரம்மா பேத்தி பம்பாய், ரைஸ் மில் கிளார்க்கின் மருமகன் சிங்கப்பூர். நான் எழுதிக்கொள்ளப் போனால் "எழுதாத, வாயால சொல்லு" என்பான். தவறாகச் சொன்னால் தொடையில் கிள்ளுவான். பாதி எண்கள் இன்னும் குழம்புகின்றன.

இப்போது அவனுடைய தூக்கம் ஊர் நேரத்தை நோக்கித் திரும்பிக்கொண்டிருக்கிறது. இன்றைக்குச் சாயங்காலம் உலை வைக்கிற நேரத்துக்குத்தான் தூங்கப் போனான், போன வாரம் மதியத்தில் போனவன். பொங்கலுக்குள் முழுதாகச் சுற்றி வருமா, வந்தாலும் பிடிமானம் கிடைக்குமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அலுவலகத்துக்காரர் வரும்போது அவன் மேசைமேல் சாய்ந்திருந்தால், டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டி அவகாசம் கேட்பது என்று அம்மாவும் நானும் பேசிவைத்திருக்கிறோம்.

நல்ல வாரம் வந்ததும் முதல் ராத்திரி, ஒன்பது அடிக்கும்போது அவன் தன் கடிகார முள்ளைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை நீட்ட வேண்டும். நான் கால் மாத்திரையை அதில் வைத்துவிட்டு, அவன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, முதல் பம்பாய் எண்ணைப் போட வேண்டும். அடுத்த ராத்திரியும் அதையே. கூட்டம் இருந்தாலும், அவன் நன்றாக இருந்தாலும், நான் எவ்வளவு அலுத்துப்போனாலும்.