நான் அழித்த முந்திரிகை வீடியோ

என் தங்கையின் மகளுடைய வீடியோ ஒன்றை அவளைக் கேட்காமல் அழித்தவன் நான். பிறகு அவள் கேட்டபோது பொய்யும் சொன்னேன். இரண்டையும் செய்தபோது எனக்கு எழுபது வயது கடந்திருந்தது. அறியாத வயது என்று சொல்லித் தப்ப வழியில்லை.

அவள் உரும்பிராயில் தாயோடு இருக்கிறாள். திருமணம் செய்யவில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு துணிக்கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்தவள், தகப்பன் காலமானபின் அதை விட்டுவிட்டு அவருடைய முந்திரிகைத் தோட்டத்தைக் கையில் எடுத்தாள். மற்ற ஊர்களில் திராட்சை என்பதற்கு எங்களிடம் அதுதான் பெயர். பழத்தை மட்டும் நம்பாமல், கவ்வாத்துச் செய்யும்போது, அதாவது கொடியை அளவாக வெட்டிவிடும்போது, விழும் தடிகளைப் பைகளில் நட்டு, வேர் விட்ட கன்றுகளாக விற்கத் தொடங்கினாள். அதற்காகத்தான் இணையத்தில் வீடியோச் சனல் ஒன்றைத் திறந்தாள்.

அதில் ஒரு வீடியோ மட்டும் நன்றாக ஓடியது. முந்திரிகைக் கொடியை எப்படி வெட்டுவது, வெட்டிய பின் என்ன மருந்து அடிப்பது என்று காட்டும் வீடியோ. படம் அவள் எடுத்தது, குரல் என்னுடையது. நான் ஆங்கில ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன். குரல் கணீரென்று இருக்கும் என்று அவள்தான் கேட்டாள். மூன்று வருடத்தில் அது அரை லட்சம் பேருக்கு மேல் பார்த்த வீடியோவாகிவிட்டது. முந்திரிகை, கவ்வாத்து என்று இரண்டு சொல்லைத் தட்டினால் முதலில் வந்து நிற்பது அதுதான். வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் கன்று கேட்டு வரும் அழைப்புகளில் பெரும்பாலானவை அதைப் பார்த்துவிட்டு வருபவை.

அந்த வீடியோவில் நான் ஒரு பிழை விட்டிருந்தேன். மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த மருந்துக் கலவையை இரும்பு வாளியில் கலக்கலாம் என்று சொல்லிவிட்டேன். துத்தம் இரும்பை அரிக்கும், மருந்தும் கெடும். பிளாஸ்டிக் வாளியோ மண்பானையோதான் வேண்டும். அவள் எழுதித் தந்ததில் அது சரியாகத்தான் இருந்தது. நான் என் பாட்டுக்கு அழகுபடுத்திப் பேசியபோது இரும்பு வாளி உள்ளே வந்துவிட்டது.

பார்த்தவர்கள் விடவில்லை. என்னிடம் படித்த ஒருவன் கீழே எழுதினான்: "சேர், வாளி ஓட்டையாகிப் போச்சு. புது வாளி வாங்கித் தருவீங்களோ?" அதற்குக் கீழே சிரிப்புப் படங்கள். தங்கையின் மகளான என் மருமகள் சரியான முறையைத் தானே எழுதி, எல்லோர் கண்ணிலும் முதலில் படும்படி கருத்துகளுக்கு மேலே குத்தி வைத்தாள். அதோடு காரியம் முடிந்தது என்றுதான் அவள் நினைத்தாள்.

"மாமா, அதை விடுங்கோ. மேலை குத்தி வைச்சிருக்கிறன், எல்லாரும் வாசிக்கினம்" என்றாள்.

"அதுதான் பிள்ளை பிரச்சினை. எல்லாரும் வாசிக்கினம்" என்றேன். அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் வீட்டில் வேகமான இணைய இணைப்பு உண்டு, அவள் வீட்டில் இல்லை. அதனால் வீடியோ ஏற்றுவதென்றால் ஸ்கூட்டரில் என்னிடம் வருவாள். என் கணினியில் அவளுடைய கணக்கு எப்போதும் திறந்தே கிடக்கும். ஒரு காலை, கலவையைப் பற்றிய பகுதியைத் திருத்திப் பேசி, பழைய படத்தோடு சேர்த்தேன். எனக்கு இருந்த எண்ணம் புத்தகத்தைப் பற்றியது. பாடக் குறிப்புகள் சில அச்சிட்டவன் நான். பிழை திருத்திய இரண்டாம் பதிப்பு வந்தால் முதல் பதிப்பை ஒதுக்கிவிட வேண்டியதுதான். புத்தகம் அதே புத்தகம், பெயரும் மதிப்பும் கூடவே வரும். வீடியோவும் அப்படித்தான் என்று எண்ணினேன். அதே தலைப்பு, அதே விளக்கம், அதே முகப்புப் படம். இரண்டும் ஒன்றாக நின்றால் குழப்பம் என்று, பழையதை முதலில் அழிக்கப் போனேன்.

அழிக்குமுன் ஒரு பெட்டி எழும்பியது. இதை அழித்தால் நிரந்தரமாகப் போய்விடும், மீட்க முடியாது, விளங்கியதாகக் குறியிடு என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. நாற்பது வருடம் பிள்ளைகளுக்கு வாசித்து விளங்கப் படிப்பித்த மொழி. வாசித்தேன். குறியிட்டேன்.

புதியதை ஏற்றினேன். எண்ணிக்கை பூச்சியத்தில் நின்றது. கொஞ்ச நேரத்தில் பழைய எண்ணிக்கை வந்து சேரும் என்று தேநீர் குடித்துவிட்டு வந்து பார்த்தேன். நாலைந்து பேர் பார்த்திருந்தார்கள். கீழே கருத்து ஒன்றும் இல்லை. தேடிப் பார்த்தேன். முதல் பக்கத்தில் வேறு யார் யாருடையவோ வீடியோக்கள் இருந்தன. அவளுடையதைக் காணோம்.

அடுத்த நாள் அவளே வந்தாள். கையில் தொலைபேசி.

"மாமா, என்ன நடந்தது? வவுனியாவிலை ஒராள் கதைக்கிறார், லிங்க் வேலை செய்யேல்லையாம். விவசாயக் குழுக்களிலை எல்லாம் அந்த லிங்க்தானே போய்க் கிடக்கு."

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "அந்தத் தளத்துக்காரங்களே எடுத்துப் போட்டாங்கள் பிள்ளை. காரணம் தெரியேல்லை. நல்ல காலம், என்னட்டைக் கோப்பு இருந்தது. திருப்பி ஏத்தி விட்டிருக்கிறன்."

அவள் என் கையைப் பிடித்து, "நீங்கள் இல்லாட்டி என்ன செய்திருப்பன் மாமா" என்றாள். பின்னேரம் தங்கை ஒரு கூடை பழம் கொடுத்து அனுப்பினாள். அதை நான் சாப்பிடவும் செய்தேன்.

அந்தப் பொய் செய்த வேலையை நான் எதிர்பார்க்கவில்லை. தளமே ஒரு வீடியோவை நீக்கினால் சனலுக்கு எச்சரிக்கை வரலாம். நீக்கியதையே திரும்ப ஏற்றினால் சனலே முடக்கப்படலாம் என்று அவளுக்குத் தெரியும். மின்னஞ்சலைத் தேடினாள். எச்சரிக்கை எதுவும் இல்லை. இல்லாதது அவளை இன்னும் பயப்படுத்தியது. காரணம் தெரியும்வரை வேண்டாம் என்று, நான் ஏற்றிய புதிய வீடியோவையும் அவள் மட்டும் பார்க்கக்கூடியதாகப் பூட்டி வைத்தாள். பழையது செத்துவிட்டது, புதியது உள்ளே கிடந்தது. கன்று விற்கும் பருவமோ தொடங்கியிருந்தது.

நான் உரும்பிராய்க்குப் போனபோது பந்தலின் கீழே கன்றுப் பைகள் வரிசையாக நின்றன. சிலவற்றின் வேர் பையைத் துளைத்து நிலத்தில் இறங்கத் தொடங்கியிருந்தது. அவள் குந்தியிருந்து ஒவ்வொரு பையாகத் தூக்கி, இறங்கிய வேரை அறுத்துக்கொண்டிருந்தாள். தொலைபேசி பக்கத்தில் சத்தமில்லாமல் கிடந்தது.

"துணிக்கடைக்காரர் திரும்பி வரச் சொல்லிக் கேட்டவர். போகலாமோ எண்டு யோசிக்கிறன்" என்றாள், நிமிராமல்.

நான் நின்றபடியே சொன்னேன். "ஒருத்தரும் எடுக்கேல்லை பிள்ளை. நான்தான் அழிச்சனான்."

கத்தியைக் கீழே வைத்தாள். "ஏன்?"

"அந்த வாளி..."

"வாளியோ?" எழும்பி நின்றாள். "அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுக்கலாம் மாமா. வீடியோ அங்கையே இருக்கும், லிங்க்கும் அதேதான். அதுவும் பிடிக்காட்டிப் பூட்டி வைச்சிருக்கலாம், எல்லாம் உள்ளுக்குப் பத்திரமாக் கிடந்திருக்கும். அழிச்சால் ஒண்டும் வராது. திருப்பி ஏத்தினால் அது பிறந்த பிள்ளை மாதிரி. ஆரும் பார்த்தது, ஆரும் கேட்டது, ஒண்டும் அதுக்குத் தெரியாது."

"அது தெரியாமல்..."

"தெரியாமல் அழிச்சியள். சரி. எடுத்துப் போட்டாங்கள் எண்டு தெரியாமலோ சொன்னனீங்கள்?"

குசினி வாசலில் கரண்டியோடு நின்ற தங்கை எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். "அண்ணை, ஊரிலை உள்ள பிள்ளையளின்ரை பிழைக்கெல்லாம் சிவப்புப் பேனையாலை கீறினனீங்கள். உங்கடை பிழைக்கு மட்டும் அழிறப்பரோ?" என்றாள். மகள் சிரிக்கவில்லை.

அன்றே அவள் புதிய வீடியோவின் பூட்டைத் திறந்தாள். நான் செய்யக்கூடியதைச் செய்யத் தொடங்கினேன். தளத்தின் உதவிப் பகுதிக்கு எழுதினேன். அழித்ததை மீட்க இயலாது என்று மரியாதையாகப் பதில் வந்தது. பழைய இணைப்பைப் பகிர்ந்திருந்த குழுக்களின் பொறுப்பாளர்களை ஒவ்வொருவராக அழைத்து, புதிய இணைப்பை இடும்படி கேட்டேன். சிலர் உடனே செய்தார்கள். சிலர் "பார்ப்பம் ஐயா" என்றார்கள். மருதனார்மடம் சந்தையில் முந்திரிகைச் செய்கைக்காரரைக் கண்ட இடத்தில் நிறுத்தி, தொலைபேசியைத் தரச் சொல்லி, புதிய வீடியோவை முழுவதும் பார்க்க வைத்தேன். ஒருவர், "வாத்தியார், மழை வரப் போகுது, விடுங்கோ" என்று கெஞ்சியது நினைவிருக்கிறது.

கருத்துகள்தான் பெரிய இழப்பு. மூன்று வருடமாகச் சனங்கள் கேட்டதும் அவள் சொன்னதும் அங்கே இருந்தன. யாராவது கேள்வி எழுதும்போது அவளுக்கு மின்னஞ்சல் வரும். அவற்றை அவள் அழிக்கவில்லை. அவளுடைய அனுமதியோடு அவற்றைத் திறந்து கேள்விகளைப் பிரதி எடுத்தேன். அவளுடைய பதில்கள் அந்த மின்னஞ்சல்களில் இல்லை. நான் கேள்வியை வாசிக்க, அவள் வேலைக்கிடையில் நினைவுக்கு வந்ததைச் சொல்ல, புதிய வீடியோவின் விளக்கப் பகுதியில் எழுதினேன். பலவற்றுக்கு, "அப்ப என்ன சொன்னனான் எண்டு ஞாபகமில்லை மாமா" என்றாள். அவற்றை விட்டுவிட்டோம்.

அந்தப் பருவத்தில் கன்றுகளில் பாதிக்கு மேல் விற்காமல் நின்றுபோயின. அவள் கடைக்குத் திரும்பப் போனாள். காலையில் தோட்டம், பிறகு பஸ். ஒரு வருடம் கழிந்து புதிய வீடியோ தேடலில் மெல்ல மேலே ஏறியது. முதல் பக்கத்தின் அடியில் இப்போது கிடக்கிறது. முதலிடத்தில் வேறொருவருடையது இருக்கிறது. இடையில் பார்த்தவர்களெல்லாம் அதைத்தானே பார்த்தார்கள். கடையில் அவளுக்கு இப்போது மூன்று நாள் வேலை, மீதி நாள் தோட்டம். என்னோடு கதைக்கிறாள். முன்பு போல எதையும் என்னிடம் விட்டுச் செல்வதில்லை.

போன மாதம் புதிய வீடியோவின் கீழே ஒருவர் எழுதியிருந்தார். கிளிநொச்சிக்காரர். பழைய வீடியோவில் தன் கொடியின் இலை ஓரம் பழுப்பதைப் பற்றிக் கேட்டதாகவும், சொன்னபடி செய்து சுகமானதாகவும், இப்போது அதே நோய் திரும்பி வந்திருப்பதாகவும், அந்தப் பதிலைக் காணவில்லை என்றும் எழுதியிருந்தார். மருமகளைக் கேட்டேன். அவளுக்கும் ஞாபகமில்லை.

"அவருக்கு நீங்களே எழுதுங்கோ மாமா" என்றாள்.

எழுதினேன். அந்த வீடியோவையும் அதிலிருந்த உங்கள் கேள்வியையும் பதிலையும் அழித்தவன் நான், என் பிழை ஒன்றை மறைப்பதற்காக அழித்தேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று என் சொந்தக் கணக்கிலிருந்து எழுதினேன். எழுதி முடிக்க அரை நாள் பிடித்தது.

அன்று மாலையே பதில் வந்தது: "பரவாயில்லை ஐயா. இலைக்கு என்ன அடிக்கிறது?"

மருமகள் அவருடைய தொலைபேசி இலக்கத்தை வாங்கி, இலையைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறாள். படம் இன்னும் வரவில்லை.