என் வாக்கியங்களின் மீது விழுந்த மஞ்சள் நிறம்

ஆந்திரத்துச் சித்தூரில் ஆங்கிலத் துறைத் தலைவராக ஓய்வு பெற்றவன் நான். நகரி பக்கத்து உழவர் குடும்பத்தில் கல்லூரிக்குப் போன முதல் ஆள். என் மாணவர்கள் பலர் இன்று இப்பகுதியில் பேராசிரியர்கள். ஆய்வேட்டின் முதல் அத்தியாயம் எவ்வாறு தொடங்க வேண்டும் என்று நான் வகுத்த மாதிரிப் பக்கங்கள் பல கல்லூரிகளில் இன்றும் புழக்கத்தில் உள்ளன. என் எழுத்தின் மீது எவரும் ஐயம் கொண்டதில்லை.

அந்த மதிப்பின் பேரில்தான் திருப்பதியில் ஒரு கல்லூரி என்னை விசாரணைக் குழுவுக்கு அழைத்தது. நாகலாபுரம் பக்கத்திலிருந்து வந்து முதுகலை படிக்கும் ஒரு பெண், நகரி விசைத்தறித் தொழிலாளர் பேச்சில் கலந்திருக்கும் ஆங்கிலச் சொற்களைப் பற்றி ஆய்வேடு எழுதியிருந்தாள். அது செயற்கை நுண்ணறிவு இயந்திரம் எழுதியது என்று முடிவானால் அவளுக்குப் பட்டம் இல்லை.

துறைப் பொறுப்பாளர், தெலுங்கர், இயந்திர எழுத்தைக் கண்டறியும் கருவிகளின் முடிவுகள் தெரிந்த கணினித் திரையை என் பக்கம் திருப்பினார்.

"மூணு டிடெக்டர்ல போட்டேன் மாஸ்டாரு. ரெண்டு இயந்திரம்னு சொல்லுது, ஒண்ணு இல்லேங்குது. மெஜாரிட்டி வந்துருச்சி கதா, இல்லையா?"

"நானே எழுதினது சார்," என்றாள் அந்தப் பெண். "தறிக்காரங்க வூட்டுக்கெல்லாம் போய்க்கினு வந்து எழுதினேன்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க. போன வருஷம் ஒருத்தன் அவங்க ஆயா மேல சத்தியமே பண்ணான்."

"எங்க ஆயாவுக்கு இங்கிலீஷ் தெரியாது சார். அவங்களை எதுக்கு இழுக்கணும்?"

பொறுப்பாளர் சிரித்துவிட்டார். எனக்கும் பெரும்பான்மை நியாயமாகவே பட்டது. இருப்பினும் குற்றம் எந்த வரியில் உள்ளது என்று பாராமல் கையொப்பமிடும் வழக்கம் எனக்கில்லை. கருவி ஐயப்பட்ட வரிகளைக் காட்டச் சொன்னேன்.

முதல் கருவி அவ்வரிகளுக்கு மஞ்சள் பூசியிருந்தது. படித்தேன். 'இவ்வாய்வின் நோக்கம்' என்ற பொருளில் தொடங்கும் ஆங்கில வாக்கியத்திலிருந்து பக்கத்தின் அடிவரை எல்லா வரிகளும் என்னுடையவை. இத்தகைய இயந்திரங்கள் பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே, மாணவர்கள் அப்படியே பின்பற்றட்டும் என்று நான் எழுதிக் கொடுத்த மாதிரிப் பக்கம் அது. இரண்டாம் கருவி கறைப்படுத்தியதும் அதே பக்கத்தைத்தான்.

"மற்ற அத்தியாயங்களில் மஞ்சளே இல்லையே?" என்று கேட்டேன்.

பொறுப்பாளர் திரையை நெருங்கிப் பார்த்தார். "அய்யோ. இந்த ரெண்டும் ஃப்ரீ வெர்ஷன் மாஸ்டாரு. கொஞ்சம் வார்த்தைதான் எடுத்துக்கும். மிச்சத்தை விட்டுடுச்சி, நான் பாக்கல. மூணாவது காலேஜ் வாங்கினது, முழுசையும் படிச்சிருக்கு."

ஒரே ஆய்வேட்டின் மீது மூன்று தீர்ப்புகள் என்று எண்ணியிருந்தோம். மூன்றும் ஒரே பகுதியைப் படித்திருக்கவே இல்லை. மேலும் விசாரிக்க விசாரிக்க என் திகைப்பு கூடியது. முதல் கருவி திரையில் காட்டிய சதவீதம், தரப்பட்ட பகுதி இயந்திரத்துடையது என்று அது எவ்வளவு நம்புகிறது என்பதாம். மூன்றாவதன் சதவீதமோ, ஏட்டில் எத்தனை பங்கு இயந்திரத்துடையது என்ற மதிப்பீடாம். இவ்விரு வேறு அளவுகளையும் ஒன்றேபோல் எண்ணி அருகருகே வைத்து ஒப்பிட்டிருந்தோம். முதல் இரண்டும் ஏறத்தாழ ஒரே அடையாளத்தைத்தான் தேடுகின்றன: அடுத்த சொல்லை எளிதில் ஊகிக்க முடிகிற சீரான நடை. ஆகவே அவற்றை இரண்டு தனிச் சாட்சிகளாக எண்ணியது தவறு. சீரான நடையைத்தான் நான் வாழ்நாளெல்லாம் கற்பித்தேன்.

தறிக்காரர் உரையாடல் நிறைந்த அத்தியாயத்தைப் பகுதி பகுதியாக முதல் இரண்டு கருவிகளுக்கும் கொடுக்கச் செய்தேன். முதல் கருவி மனிதர் எழுத்து என்றது. இரண்டாவது தெளிவாகச் சொல்ல இயலவில்லை என்றது. என் மாதிரிப் பக்கத்தை மட்டும் மூன்றாவதற்குக் கொடுத்தோம். அது குற்றம் சாட்டவில்லை. மிக உறுதியாகத் தெரிந்தாலன்றி வாய் திறக்காதபடி அதன் எல்லையை அமைத்திருக்கிறார்கள். அவ்வாறு அமைத்தால் உண்மையான இயந்திர எழுத்தும் சில நேரம் தப்பிவிடும் என்றார் பொறுப்பாளர்.

"அப்போ எதைத்தான் நம்பறது?" என்று அவரே கேட்டார்.

"இவை கேள்வி எழுப்பலாம். தண்டிக்க இவை போதா," என்றேன்.

அந்தப் பெண் தறிக்காரர் பேச்சைப் பிடித்த தன் கைப்பேசிப் பதிவுகளையும், கணினியில் நாள்வாரியாகச் சேமித்த வரைவுகளையும் காட்டினாள். நாங்கள் நெடுநேரம் கேள்வி கேட்டோம். தறிக்காரர் ஒருவர் 'பவர்' என்ற சொல்லை எந்தெந்த இடத்தில் எப்படிப் பயன்படுத்தினார் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். அவர் சொல்லாத ஓர் எடுத்துக்காட்டை நான் வேண்டுமென்றே நுழைத்தபோது, "அது அவர் சொன்னது இல்லீங்க சார்," என்று உடனே திருத்தினாள். அவளுக்குப் பட்டம் கிடைத்தது.

எங்கள் ஊர்ப்பக்கத் தமிழ்ப் பெண் என்பதால் நான் காப்பாற்றினேன் என்று சித்தூரில் சிலர் பேசுகின்றனர். மூன்றாம் கருவி அவளை விடுவித்தது என்று திருப்பதியில் பேசுகின்றனர். இரண்டும் பிழை. அவளை விடுவித்தவை அவளுடைய வரைவுகளும் விடைகளும். மஞ்சள் பூசப்பட்ட பக்கத்தை எழுதியவன் நான்.