திறந்தவர்களும் அணைத்தவர்களும்

அம்பத்தூர் எஸ்டேட்டில், மருந்துகளை வீட்டுக்கே அனுப்பும் ஒரு ஆப் கம்பெனியில் எனக்கு வேலை. வாடிக்கையாளர்களின் போனுக்கு நாங்கள் அனுப்பும் நோட்டிஃபிகேஷன்கள் என்ன ஆகின்றன என்று கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். சேர்ந்து ஒன்பது மாதம் ஆகியிருந்தது. கூட்டங்களில் கேட்டால் மட்டும் பேசுவேன்.

ஒரு நாள் எங்கள் மேனேஜர் எல்லா வாடிக்கையாளர்களுக்கும் ஒரே செய்தியை அனுப்பச் செய்தார். "உங்கள் ஆர்டரில் ஒரு பிரச்சனை" என்பது தலைப்பு. தொட்டுத் திறந்தால் ஷாம்பு தள்ளுபடி. அதுவரை எந்தச் செய்தியையும் அத்தனை பேர் திறந்ததில்லை. அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். இனி வாரம் ஒன்று இதே மாதிரி என்று முடிவாயிற்று. நானும் கேக் சாப்பிட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை திருமுல்லைவாயிலில் எங்கள் அபார்ட்மென்ட் லிஃப்ட்டில் எதிர்வீட்டு அக்காவைப் பார்த்தேன். தினமும் இன்சுலின் போட்டுக்கொள்பவர். என் பேச்சைக் கேட்டுத்தான் எங்கள் ஆப்பில் வாங்க ஆரம்பித்திருந்தார்.

"இன்னாம்மா, ஆர்டர்ல பிரச்சனைன்னு போட்டுக்கீறாங்க. இன்சுலின் வராதோன்னு பதறிக்கினு தொறந்தா, ஷாம்பு! மெசேஜ் வர்றதையே மொத்தமா ஆஃப் பண்ணிட்டேன்" என்றார்.

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. எங்கள் கணக்கில் இந்த அக்காவும் திறந்தவர்களில் ஒருவர், வெற்றியில் ஒரு பங்கு. ஆனால் மாத்திரையும் மருந்தும் தீரப்போகின்றன என்று நாங்கள் அனுப்பும் நினைவூட்டல் இனி அவருக்குத் தெரியாது.

திங்கட்கிழமை வேலைக்குப் போனதும், யாரும் பார்க்காத கணக்கை எடுத்தேன். செய்தி போய்ச் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அதன்பின் நோட்டிஃபிகேஷனை அணைத்தார்கள்? இது உடனே தெரிந்துவிடாது. ஆப் அடுத்த முறை எங்கள் சர்வரோடு பேசும்போதுதான் அணைத்தது பதிவாகும். ஆப்பையே நீக்கிவிட்டவர்களோ, அடுத்த செய்தி அவர்களிடம் சேராமல் திரும்பும்போதுதான் தெரிவார்கள். ஆகவே பத்து நாள் பொறுத்தேன். அணைத்தவர்கள் வழக்கத்தைப்போல ஆறு மடங்கு. அடுத்து அனுப்பிய செய்தி போய்ச் சேர்ந்த விகிதமும் இறங்கியிருந்தது.

கூடவே அந்த நினைவூட்டலையும் பார்த்தேன். யாரும் திறப்பதில்லை, நிறுத்திவிடலாம் என்று பேசிக்கொண்டிருந்த செய்தி அது. திறந்தவர்களை, அனுப்பிய மொத்த எண்ணிக்கையால் வகுத்திருந்தார்கள். ஆனால் அனுப்பியதில் பாதிகூடப் போய்ச் சேரவில்லை. ஆப்பை எப்போதோ நீக்கியவர்கள் பட்டியலில் அப்படியே இருந்தார்கள். மேலும், ஒரு மணி நேரத்துக்குள் போனில் நெட் வராவிட்டால் செய்தி காலாவதியாகும்படி வைத்திருந்தார்கள். செய்தி போய்ச் சேர்ந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டால், மூன்றில் ஒருவர் திறந்திருந்தார். அணைத்தவர்கள் ஏறக்குறைய யாருமே இல்லை.

கூட்டத்தில் கேட்காமலே எழுந்து நின்றேன். அணைத்தவர்கள் ஆறு மடங்கு என்ற கணக்கைக் காட்டினேன்.

மேனேஜர் மதுரைக்காரர், கோபக்காரர் இல்லை. ஆனால் கேள்வியில் விட மாட்டார். ஷாம்பு செய்திக்குப் பிறகு அனுப்பியதில் திறந்தவர் விகிதம் கூடியிருக்கிறதே, அதற்கு என்ன சொல்கிறாய் என்று கேட்டார்.

"கடுப்பானவங்க கெளம்பிட்டாங்க சார். மிச்சம் இருக்கிறவங்க எப்பவும் திறக்கிறவங்க. அணைச்சவங்களுக்கு நாம அனுப்புறதே இல்ல, வகுக்கிற எண்ணு சின்னதாயிடுச்சு, அதனால விகிதம் ஏறின மாதிரி தெரியுது" என்றேன்.

நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். போய்ச் சேர்ந்த விகிதம் நம் பட்டியலும் அனுப்பும் முறையும் சரியா என்று காட்டுகிறது. செய்தி நன்றாக இருந்ததா என்பதை அது சொல்லாது. திறந்த விகிதம், தலைப்பும் நேரமும் ஆளை இழுத்ததா என்று மட்டும் சொல்கிறது. இழுத்த பிறகு அவர் மனம் என்ன ஆயிற்று என்பது அணைத்தவர் கணக்கில்தான் இருக்கிறது. எதிர்வீட்டு அக்கா சொன்னதையும் அப்படியே சொன்னேன்.

மேனேஜர் என் அட்டவணையை மறுபடி மேலிருந்து கீழே படித்தார். பிறகு, "அந்தத் தலைப்பு நான் எழுதினதும்மா. நிறுத்திடுவோம்" என்றார். எல்லோர் முன்னாலும் அப்படிச் சொல்ல அவருக்கு எளிதாக இருந்திருக்காது.

ஆப்பை எப்போதோ நீக்கியவர்களின் போன்களைப் பட்டியலிலிருந்து எடுத்தோம். நினைவூட்டல் ஒரு நாள் முழுதும் காத்திருக்கும்படி மாற்றினோம். அடுத்த மாதம் அது பெரும்பாலானவர்களிடம் போய்ச் சேர்ந்தது. முன்பைப்போலவே மூன்றில் ஒருவர் திறந்தார். எண்ணிக்கையில் அது முன்பைவிட மிகப் பெரிய கூட்டம். திறந்தவர்களில் பாதிப் பேர் அன்றே மருந்து வாங்கினார்கள்.

இப்போது எந்தச் செய்தியை அனுப்பி முடித்தாலும் சேர்ந்தவர், திறந்தவர், அணைத்தவர் என்ற மூன்று எண்களும் பக்கத்துப் பக்கத்தில் இல்லாமல் அறிக்கை மேலே போவதில்லை. அந்தப் படிவத்தை வடிவமைத்தவள் நான். போன வாரம் வேறொரு பிரிவிலிருந்து வந்தவர் தங்கள் செய்தியை எத்தனை பேர் திறந்தார்கள் என்று பெருமையாகச் சொன்னபோது, மேனேஜர் குறுக்கிட்டு, "எத்தனை பேர் அணைச்சாங்க?" என்று கேட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன், சிரிப்பை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று.